‘கெட்டிக்காரப் பிள்ளை’ என்று எழுதுமுன்: ஒரு பரிந்துரைக் கடிதம் திருத்தப்பட்ட விதம்

யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 13 இல் படிக்கும் மாணவி ஒருவர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறார். பௌதிகவியல் ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கிறார். ஆசிரியர் எழுதிய முதல் வரைவையும் அது கடைசியில் எந்த வடிவத்துக்கு வந்தது என்பதையும் இங்கே படிப்படியாகப் பார்க்கிறோம். மாணவியும் ஆசிரியரும் இந்த ஆய்வுக்காக அமைத்துக்கொண்ட மாந்தர்கள். முதல் வரைவின் வசனங்கள் மட்டும், இங்கே எழுதப்படும் கடிதங்களில் எப்போதும் காணப்படுகிறவை. கடிதம் போவது ஆங்கிலத்தில் என்றாலும் அதன் சிக்கல் மொழியில் இல்லை. ஆகவே முழுவதையும் தமிழிலேயே தருகிறோம்.

முதல் வரைவு இது:

“செல்வி அவர்களைக் கடந்த இரண்டு ஆண்டுகளாக நான் நன்கு அறிவேன். அவர் மிகவும் திறமையான, கடின உழைப்பாளியான, ஒழுக்கமுள்ள மாணவி. எப்போதும் சிரித்த முகத்துடன் காணப்படுவார். ஆசிரியர்களையும் பெரியோரையும் மதிப்பவர். சிறந்த தலைமைத்துவப் பண்பு உடையவர். பாடசாலையின் இணைபாடவிதானச் செயற்பாடுகள் அனைத்திலும் ஆர்வத்துடன் பங்குபற்றுவார். அவர் எந்தத் துறையைத் தெரிவு செய்தாலும் பிரகாசிப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது பரிந்துரைக் கடிதமும் இல்லை. இது அதிபர் கொடுக்கும் நற்சான்றிதழின் நீண்ட வடிவம். நற்சான்றிதழை வாங்கிப் பார்ப்பவர் அறிய விரும்புவது ஒன்றைத்தான்: இந்தப் பிள்ளைமேல் ஏதும் குறை உண்டா? ‘நன்னடத்தை உடையவர்’ என்ற வரியே அதற்குப் போதுமான விடை. பல்கலைக்கழக அனுமதிக் குழு கேட்பது வேறு. புள்ளிகள் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. செயற்பாடுகளின் பட்டியலை மாணவியே நிரப்பியிருக்கிறார். வகுப்பறைக்குள் நின்ற ஒருவர் மட்டுமே கண்டிருக்கக்கூடிய ஏதோ ஒன்றைத்தான் அவர்கள் ஆசிரியரிடம் எதிர்பார்க்கிறார்கள். மேலே உள்ள வரைவில் எட்டுக் கூற்றுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட எழுதப் பௌதிகவியல் ஆசிரியர் தேவையில்லை. பாடசாலை வாசலில் நிற்கும் காவலாளியும் எழுதலாம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நாங்கள் உயர்வாக எண்ணிச் சொல்லும் சில சொற்கள் அங்கே இறக்கமாகக் கேட்கும். ‘அமைதியான, பணிவான பிள்ளை’ என்பது எங்கள் ஊரில் நல்ல பாராட்டு. கலந்துரையாடலை எதிர்பார்க்கும் வகுப்பறையிலிருந்து வாசிப்பவருக்கு அது ‘வகுப்பில் வாய் திறக்காதவர்’ என்றே படும். ‘கடின உழைப்பாளி’ என்பதும் அப்படித்தான், அதிலும் பெண் பிள்ளைகளுக்கு எழுதும்போது. அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆசிரியப் பதவிகளுக்கு வந்த 300 க்கு மேற்பட்ட கடிதங்களை ஆராய்ந்து 2003 இல் வெளியான ஆய்வொன்று, பெண்களுக்கான கடிதங்களில் உழைப்பைப் புகழும் சொற்கள் கூடுதலாக வருவதையும், அந்தக் கடிதங்கள் ஆண்களுக்கானவற்றைவிடக் குறுகியவையாக இருப்பதையும் காட்டியது. உழைப்பை மட்டும் சொல்லிவிட்டு ஆற்றலைச் சொல்லாமல் விட்டால், வாசிப்பவர் அந்த இடைவெளியைத் தானாகவே நிரப்பிக்கொள்வார்.

வசனத்திலிருந்து கொப்பிக்கு

திருத்த உதவியவர் அதே பாடசாலையின் ஆங்கில ஆசிரியை. ஆங்கிலத்தைத் திருத்தத்தான் கடிதம் அவரிடம் போனது. அவர் இலக்கணத்தைத் தொடவே இல்லை.

“‘திறமையான மாணவி’ எண்டு எழுதியிருக்கிறியள் சேர். எதைப் பார்த்து?”

“அவ கெட்டிக்காரி ரீச்சர். ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம்.”

“மற்றாக்கள் சொல்லுறதை விடுங்கோ. நீங்கள் எப்ப கண்டனீங்கள்?”

“செய்முறையள் நல்லாச் செய்வா.”

“எந்தச் செய்முறை?”

“ஊசல் செய்யேக்க ஏதோ ஒண்டு நடந்தது. கொப்பியைப் பார்த்தாத்தான் சொல்லலாம்.”

“அப்ப கொப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கோ.”

இந்தச் சிறு உரையாடலுக்குள் முறை முழுவதும் இருக்கிறது. ஒவ்வொரு பண்புச் சொல்லுக்கும் எதிரே ‘எப்போது, எங்கே, என்ன செய்தார்’ என்று கேட்க வேண்டும். விடை நினைவில் வராவிட்டால் ஆவணத்தைத் தேட வேண்டும். ஆவணத்திலும் இல்லையென்றால் அந்தச் சொல்லை வெட்ட வேண்டும். நினைவை மட்டும் நம்பி எழுத உட்காருவதுதான் முதல் தவறு. இரண்டு ஆண்டுகளில் ஒரு பிள்ளை செய்த நூறு காரியங்களும் மனத்தில் கரைந்து ‘கெட்டிக்காரி’ என்ற ஒரே சொல்லாகிவிடும். அந்தச் சொல்லிலிருந்து காரியங்களுக்குத் திரும்பிப் போகப் பாதை கிடையாது.

ஆசிரியர் மாணவியிடம் மூன்றே பொருட்கள் கேட்டார்: செய்முறைக் கொப்பி, திருத்திக் கொடுத்த தவணைப் பரீட்சைத் தாள்கள், சொந்தமாக வைத்திருந்த குறிப்புக் கொப்பி ஏதும் இருந்தால் அது. சுயவிவரக்கோவையைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதிலுள்ள பேச்சுப்போட்டிப் பரிசும் மாணவர் முதல்வர் பதவியும் கடிதத்துக்குள் புகுந்து, விண்ணப்பத்தில் ஏற்கெனவே இருப்பதைத்தான் மறுபடி சொல்லியிருக்கும். ‘நீரே எழுதிக்கொண்டு வாரும், நான் கையொப்பம் வைக்கிறேன்’ என்பதையும் அவர் தவிர்த்தார். நேர்மைக் குறைவு ஒரு புறமிருக்க, ஆசிரியரின் இடத்தில் நின்று தன்னையே பார்க்க மாணவிக்கு வழியில்லை. தன் செய்முறைக் கொப்பியில் எந்தப் பக்கம் வழமைக்கு மாறானது என்பது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் மற்றப் பிள்ளைகளின் 37 கொப்பிகளைத் திருத்தியவர் அல்ல.

ஒரு பாடவேளை, அதாவது 40 நிமிடம், கொப்பிகளைப் புரட்டுவதில் போனது. எழுதுவதற்குச் செலவானது அதைவிடக் குறைவு.

ஊசல் பக்கம்

செய்முறை எல்லாருக்கும் பழக்கமானதுதான்: எளிய ஊசலைக் கொண்டு ஈர்ப்பு ஆர்முடுகலைக் காணல். நூலின் நீளத்தை ஐந்து தடவை மாற்றி, ஒவ்வொரு நீளத்துக்கும் 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்து, அலைவு காலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே குறித்து வரைபு கீற வேண்டும். நேர்கோடு வரைபின் பூச்சியப் புள்ளியான உற்பத்தியினூடாகச் செல்ல வேண்டும். கோட்டின் சாய்வைக் காட்டும் படித்திறனிலிருந்து விடை வரும்.

இந்த மாணவியின் கோடு உற்பத்தியினூடாகச் செல்லவில்லை. பின்னோக்கி நீட்டினால் நீள அச்சைப் பூச்சியத்துக்கு இடப்புறம் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றரில் வெட்டியது. விடையோ சரியாகவே வந்திருந்தது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. விடை சரியாக வந்தபின், கோட்டைச் சற்றுச் சாய்த்து உற்பத்தியினூடாகக் கீறிவிட்டால் புள்ளி குறையாது. பல கொப்பிகளில் நடப்பதும் அதுதான். சரியான வரைபு எப்படி இருக்க வேண்டும் என்பது ரியூசன் குறிப்பிலேயே இருக்கிறது, அதைப் பார்த்துக் கீறினால் முடிந்தது. இவர் கோட்டை அது விழுந்த இடத்திலேயே விட்டிருந்தார். அருகில் ஆசிரியரின் சிவப்பு மையில் ‘ஏன்?’ என்று ஒரு சொல்.

அடுத்த பக்கத்தில், யாரும் புள்ளி போடாத இடத்தில், மாணவியின் விடை இருந்தது. நூலை அவர் குண்டின் கொளுக்கியில் போட்ட முடிச்சுவரைதான் அளந்திருக்கிறார். அளக்க வேண்டியது குண்டின் மையம்வரை. முடிச்சிலிருந்து மையம்வரை வேணியர் இடுக்கிமானியால் அளந்தபோது 2.4 சென்ரிமீற்றர். ஐந்து நீளங்களிலும் அதே அளவு குறைந்ததால் கோடு முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்ததே தவிர, படித்திறன் மாறவில்லை. ஆகவே விடை பாதிக்கப்படவில்லை. இவ்வளவையும் நான்கு வரியில் எழுதியிருந்தார்.

இந்த ஒரு பக்கத்தில் முதல் வரைவின் மூன்று சொற்கள் அடங்கிவிட்டன. ‘திறமை’ என்பது, விடை சரியாக இருந்தும் வழுவின் மூலத்தைப் பிரித்தறிந்தது. ‘ஒழுக்கம்’ என்பது, கோட்டைச் சாய்க்காமல் விட்டது. ‘உழைப்பு’ என்பது, புள்ளி கிடைக்காத வேலைக்காக மறுபடி இடுக்கிமானியை எடுத்தது. மூன்று வசனம் தனித்தனியே எழுதவேண்டிய தேவையே போய்விட்டது.

ஆனால் இதை எழுதத் தொடங்கியதும் புதிய பிழைகள் வந்தன. இரண்டாம் வரைவில் ஆசிரியர் எழுதியது: “ஒருவருடைய உதவியும் இன்றித் தானாகவே வழுவைக் கண்டுபிடித்தார்.” கொப்பியில் சிவப்பு மை இருக்கும்போது இது உண்மை அல்ல. ஆங்கில ஆசிரியை அந்த ‘ஏன்?’ ஐக் கடிதத்துக்குள்ளேயே கொண்டுவரச் சொன்னார். அதனால் மாணவியின் பெருமை குறையவில்லை. ஒரு சொல் கேள்விக்கு நான்கு வரி விடை என்பது, உதவியே இல்லாமல் கண்டுபிடித்தார் என்பதைவிட நம்பக்கூடியது, அளவும் தெரிகிறது. மிகைப்படுத்தல் இப்படித்தான் நுழையும்: சம்பவம் உண்மையாக இருக்கும், அதைச் சுற்றிப் போடும் ‘தானாகவே’, ‘முற்றிலும்’, ‘ஒருபோதும்’ போன்ற சொற்கள் பொய்யாக இருக்கும். சம்பவத்தை எழுதி முடித்ததும் இந்தச் சொற்களை மட்டும் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

மற்றப் பிழை எதிர்ப்புறமானது. ஆசிரியர் சமன்பாட்டையும் அளவீட்டு அட்டவணையையும் கடிதத்துக்குள் இட்டிருந்தார். கடிதத்தை வாசிப்பவர் பௌதிகவியல் படித்தவராக இருக்கவேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது மூன்று தகவல்: கோடு எங்கே போயிருக்க வேண்டும், எவ்வளவு விலகியது, அதைச் சரிக்கட்டுவது எவ்வளவு எளிது. மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டுக்கும் பொருள் இல்லை. மற்றவர்கள் வழமையாக என்ன செய்வார்கள் என்பதைச் சொன்னால்தான் இவர் செய்தது தெரியும்.

புள்ளிகள், தலைமைத்துவம், வெட்டப்பட்டவை

உழைப்புக்கு இன்னொரு ஆதாரமும் கிடைத்தது. தரம் 12 இன் மூன்று தவணைகளிலும் மாணவியின் பௌதிகவியல் புள்ளிகள் 41, 58, 67. இதை அப்படியே எழுதினால் ஆபத்து. பள்ளியிலேயே 90 க்கு மேல் பழகிய நாட்டில் வாசிப்பவருக்கு 67 என்பது தோல்விக்கு அடுத்த படி. எங்கள் தவணைப் பரீட்சையில் 75 க்கே ஏ சித்தி என்பதையும், அந்த மூன்றாம் தவணையில் வகுப்பின் சராசரி 44 என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எண் மட்டும் போதாது, 41 எப்படி 67 ஆனது என்பதும் வேண்டும். மாணவியின் குறிப்புக் கொப்பியில் அது இருந்தது: பிழைத்த பல்தேர்வு வினாக்களை ‘தெரியாதது’, ‘வினாவைப் பிழையாக வாசித்தது’, ‘அலகில் தவறியது’ என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார். முதல் தவணையில் பாதிக்கு மேல் இரண்டாவது வகையில் இருந்தன. அதாவது அவருக்குக் குறைவாக இருந்தது அறிவு அல்ல, வாசிப்பு நிதானம். அதைத் தானே அளந்து கண்டுபிடித்த பிள்ளை என்பது ‘கடின உழைப்பாளி’ என்பதிலும் பார்க்க வேறு ஆள்.

41 ஐக் கடிதத்தில் சொல்லலாமா என்று ஆசிரியர் தயங்கினார். சொல்லலாம், மேலே ஏறிய பாதை கையில் இருந்தால். பாதை இல்லாமல் பலவீனத்தை மட்டும் ‘நேர்மைக்காக’ எழுதுவது பிள்ளையைக் கவிழ்க்கும்.

தலைமைத்துவம் சிக்கலாக இருந்தது. மாணவர் முதல்வர் பதவி பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது; பதவியைச் சொல்வதால் தலைமைத்துவத்தைச் சொன்னதாகாது. பௌதிகவியல் ஆசிரியர் அவரை மைதானத்திலோ காலைப் பிரார்த்தனையிலோ கவனித்தவர் அல்ல. எனவே சொல்லை வெட்டுவதென்றே முடிவு. ஆனால் செய்முறைக் கொப்பிகளை ஒப்பிட்டபோது ஒன்று கண்ணில் பட்டது. ஊசல் செய்முறையில் ஐந்து பேர் கொண்ட மாணவியின் குழுவின் அளவீட்டு அட்டவணையில் மட்டும் ‘அளந்தவர்’ என்று ஒரு மேலதிக நிரல் இருந்தது. நிறுத்தற் கடிகாரம் குழுவுக்கு ஒன்றுதான். பொதுவாக வேகமான ஒருவர் அதைக் கையில் எடுத்தால் மற்றவர்கள் எழுதிக்கொண்டிருப்பார்கள். இந்தக் குழுவில் ஐந்து நீளங்களுக்கும் ஐந்து பெயர்கள். நிரலைப் போட்டது யார் என்று குழுவிலுள்ள இன்னொரு பிள்ளையிடம் ஆசிரியர் கேட்டார். இவர்தான் என்று தெரிந்தபின் அது கடிதத்தில் ஏறியது. மாணவியிடமே கேட்டு எழுதியிருந்தால் அது ஆசிரியர் கண்டதாக இராது.

வெட்டப்பட்டவை: சிரித்த முகம், பெரியோரை மதித்தல், இணைபாடவிதானம், எந்தத் துறையிலும் பிரகாசிப்பார், எதிர்கால வாழ்த்து. ‘மதிப்பவர்’ என்பதை வெட்டும்போது ஆசிரியருக்கு மனம் வரவில்லை. அது இல்லாவிட்டால் பிள்ளையைக் குறைத்துச் சொன்னதுபோல் இருக்கும் என்றார். அது நற்சான்றிதழில் இருக்கட்டும், அதிபர் எழுதுவார். ‘எந்தத் துறையிலும்’ என்பது கெடுதலே செய்யும்: எந்தத் துறையிலும் என்றால் இந்தத் துறையில் என்று சொல்ல எதுவும் இல்லை என்று அர்த்தம்.

இறுதி வடிவம்

“நான் 12 ஆண்டுகளாக உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். இந்த மாணவிக்கு இரண்டு ஆண்டுகள், 38 பேர் கொண்ட வகுப்பில் கற்பித்தேன்.

தரம் 12 இல் ஊசல் செய்முறையில் மாணவர்கள் கீறும் வரைபு பூச்சியப் புள்ளியினூடாகச் செல்ல வேண்டும். அவருடைய கோடு 2.5 சென்ரிமீற்றர் விலகியிருந்தது, ஆனால் இறுதி விடை சரியாக இருந்தது. இந்த நிலையில் பெரும்பாலானோர் கோட்டைச் சற்று நகர்த்திவிடுவார்கள். அதனால் புள்ளி குறைவதில்லை. அவர் நகர்த்தவில்லை. நான் ‘ஏன்?’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை கொப்பி வந்தபோது, நூலைக் குண்டின் மையம்வரை அளக்காமல் முடிச்சுவரை அளந்ததே காரணம் என்றும், அந்தத் தூரம் 2.4 சென்ரிமீற்றர் என்றும், இந்த வழு விடையைப் பாதிக்காதது ஏன் என்றும் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்துக்குப் புள்ளி எதுவும் இல்லை.

அதே செய்முறையில் அவருடைய குழுவின் அட்டவணையில் மட்டும் ஒவ்வொரு அளவீட்டையும் எடுத்தவர் யார் என்று ஒரு நிரல் இருந்தது. ஒரே கடிகாரத்தை ஐந்து பேரும் பயன்படுத்துவதற்காக அவர் அதைச் சேர்த்திருந்தார்.

முதல் தவணைப் பரீட்சையில் அவர் 41 பெற்றார். பிழைத்த வினாக்களை வகைப்படுத்தி, பாதிக்கு மேற்பட்டவை அறியாமையால் அன்றி அவசர வாசிப்பால் பிழைத்தவை என்று கண்டார். மூன்றாம் தவணையில் 67 பெற்றார். அப்போது வகுப்பின் சராசரி 44. எங்கள் பாடசாலையில் அதியுயர் தரம் 75 இல் தொடங்குகிறது.

வகுப்பில் அவர் அதிகம் பேசுபவர் அல்ல. அவருடைய கேள்விகள் பெரும்பாலும் கொப்பியின் ஓரத்தில் எழுதப்பட்டு வரும். அவற்றுக்கு விடை சொல்ல நான் சில தடவை புத்தகத்தைத் திறக்க வேண்டியிருந்தது.”

கடைசிப் பந்தியை ஆங்கில ஆசிரியை வற்புறுத்திச் சேர்த்தார். ‘அமைதியானவர்’ என்பதை மறைத்தால் நேர்காணலில் அது வெளிவரும். வெறும் பண்புச் சொல்லாகச் சொன்னால் இறக்கமாகக் கேட்கும். எங்கே பேசுகிறார் என்பதைச் சொன்னால் அதே உண்மை வேறு விதமாக நிற்கும்.

கடிதத்துடன் முடிவதில்லை. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான கொமன் அப் விண்ணப்பத்தில் ஆசிரியர் நிரப்பவேண்டிய மதிப்பீட்டு அட்டவணையும் உண்டு: எழுத்து, கலந்துரையாடல், முதிர்ச்சி, பின்னடைவை எதிர்கொள்ளல் என்று வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் சராசரிக்குக் கீழ் என்பதிலிருந்து முதல் 10, 5, 1 சதவீதம்வரை கட்டங்கள். பாசத்தில் எல்லா வரியிலும் கடைசிக் கட்டத்தில் அடையாளமிடுவதே இங்கே வழமை. அப்படிச் செய்தால் கவனமாக எழுதிய கடிதத்தை இந்த அட்டவணையே பொய்யாக்கிவிடும். ஆசிரியர் ஒரு கணக்குப் போட்டார். ஆண்டுக்கு ஏறத்தாழ 38 பேர், 12 ஆண்டுகள், மொத்தம் 450 பேரளவில். அதில் ஒரு சதவீதம் என்றால் நாலைந்து பேர். மற்ற நாலு பேரின் பெயரைச் சொல்ல முடிந்தால் மட்டுமே அந்தக் கட்டத்தில் அடையாளமிடலாம். பின்னடைவை எதிர்கொள்ளல் என்ற வரிக்கு அவரால் சொல்ல முடிந்தது. கலந்துரையாடலுக்குச் சராசரி என்று இட்டார். எழுத்துக்கு, செய்முறைக் குறிப்பைத் தவிர வேறு எதையும் வாசித்ததில்லை என்பதால், ‘மதிப்பிட அடிப்படை இல்லை’ என்ற கட்டம்.